லாக்அவுட் செய்ததும் அழியும் கணக்கு, அழியாத வீட்டுப்பாடம்

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரே கணினியில் நாள் முழுக்கப் பல மாணவர்கள் மாறி மாறி உட்காருகிறார்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் student என்ற ஒரே கணக்குதான். ஒரு மாணவி ஜிமெயிலைத் திறந்து பார்த்துவிட்டு ஃபயர்பாக்ஸை மூடிவிட்டுப் போகிறாள். அடுத்து வருபவர் கடவுச்சொல் இல்லாமலே அவளுடைய அஞ்சலைப் படித்துவிடலாம். கடவுச்சொல் சரி என்றதும் தளம் கொடுத்த குக்கி, cookies.sqlite என்ற கோப்பில் அப்படியே இருப்பதுதான் காரணம்.

லினக்ஸ் கணினி என்றால் இந்தக் கோப்பைத் தங்கவே விடாமல் செய்யலாம். மாணவர் கணக்கின் மூல வடிவத்தை ஒரு கோப்புறையில் தயாராக வைத்துவிட்டு, அதன்மேல் கண்ணாடித் தாள் விரித்ததுபோல இன்னொரு அடுக்கைப் போடுகிறோம். /lab என்பது ராம் நினைவகத்தில் அமைத்த tmpfs:

```
mount -t overlay overlay -o lowerdir=/srv/template,upperdir=/lab/up,workdir=/lab/work /home/student
```

மாணவர் எதை எழுதினாலும், எதை அழித்தாலும் அது up அடுக்கில் மட்டுமே பதிவாகும். கீழே உள்ள மூலத்தில் ஒன்றும் மாறாது. லாக்அவுட் ஆனதும் ஒரு ஸ்கிரிப்ட் மிச்சமிருக்கும் நிரல்களை நிறுத்தி, மவுண்டைக் கழற்றி, up, work என்ற இரண்டு கோப்புறைகளையும் காலி செய்கிறது. குக்கியும் அதோடு போய்விடும். திரையைப் பூட்டினால் மட்டும் இது நடக்காது, லாக்அவுட் ஆகவேண்டும்.

இதில் மோசமான தவறு மூலத்தைத் தயாரிக்கும்போதுதான் நடக்கும். ஆசிரியர் அதே கணக்கில் தன் ஜிமெயிலை ஒருமுறை திறந்துவிட்டால், அவருடைய குக்கி மூலத்திலேயே பதிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு லாக்அவுட்டும் அதை அழிக்காது, புதுப்பித்துத் தரும்! மாணவர் கணக்கில் புதிதாக நுழைந்து ஜிமெயில் தளத்தைத் திறந்து பாருங்கள். உள்நுழையச் சொல்லிக் கேட்காமல் யாருடைய அஞ்சலாவது வந்தால், மூலத்தில் உள்ள ஃபயர்பாக்ஸ் கோப்புறையை அழித்துவிட வேண்டியதுதான். அந்த ஆசிரியர் தன் கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிவிடுவது நல்லது.

சரி, மாணவர் செய்த வேலை? டெஸ்க்டாப்பில் சேமித்ததும் குக்கியோடு சேர்ந்தே போய்விடும். அதைக் காப்பாற்ற ஒவ்வொருவரையும் கூகுள் டிரைவில் நுழையச் சொன்னால், அழிக்க நினைத்த லாகின்களை நாமே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். பள்ளிக்குள் கோப்புகளைச் சேமித்துப் பகிர ஒரு நெக்ஸ்ட்கிளவுட் சர்வர் இருந்தால், ஆசிரியர் ஒரு கோப்புறைக்குப் பதிவேற்ற மட்டும் அனுமதி தரும் பொது இணைப்பை உருவாக்கலாம். ஸ்கிராட்ச்சில் விளையாட்டு செய்த மாணவர் 8B-17-game.sb3 என்று வகுப்பும் வரிசை எண்ணும் வைத்துச் சேமித்து, அந்த இணைப்பில் ஏற்றிவிடுவார். அவர் எங்கேயும் உள்நுழைய வேண்டியதில்லை. அந்த இணைப்பின் வழியே மற்றவர்களின் கோப்புகளையும் அவரால் பார்க்க முடியாது.

தன்னுடையதையும் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள குறை. அதனால் அடுத்த வகுப்புக்கு முன் ஆசிரியர் அந்தக் கோப்புகளை, படிக்க மட்டும் அனுமதியுள்ள இன்னொரு கோப்புறைக்கு நகலெடுத்து வைக்கவேண்டும். வகுப்பே அதைப் பார்க்க முடியும் என்பதால், பிறர் பார்க்கக் கூடாத வேலை என்றால் பென் டிரைவில் கொண்டுபோவதே மேல்.