டிராக்டர் தேய்வது எந்த நோட்டில் தெரியும்?

காவிரிப் பாசனத்தில் 6 ஏக்கர் நெல், ஒரு டிராக்டர், 2 பசுமாடு. இப்படி ஒரு பண்ணையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். டிராக்டர் சொந்த நிலத்தில் ஆண்டுக்கு 50 மணி நேரம் ஓடுகிறது, வெளியே வாடகைக்கு 350 மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு வாடகை 1,100 ரூபாய். டீசல் நாலரை லிட்டர், ஓட்டுநர் கூலி, ஆயில், பழுது எல்லாம் சேர்ந்து மணிக்கு 670 ரூபாய் ஆகிறது. மிச்சம் 430 ரூபாய் என்று உரிமையாளர் நினைக்கிறார். வரவு செலவு நோட்டைப் பார்த்தாலும் அதைத்தான் காட்டும். ஆனால் அந்த 430 ரூபாயில் ஒரு பகுதி இலாபமே அல்ல, டிராக்டரையே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக் கிடைக்கும் காசு.

8 லட்சத்துக்கு வாங்கிய டிராக்டரை 10 ஆண்டு கழித்து விற்றால் 2 லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், இடையில் 6 லட்சம் கரைந்திருக்கிறது. அந்தக் கரைவுதான் தேய்மானம். யாரும் வந்து வாங்கிப்போவதில்லை, ரசீதும் கிடையாது. அதனால் ரொக்க நோட்டு எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தாலும் தேய்மானம் அதில் ஏறாது. அதைத் தனியாகக் கணக்கிட்டு எழுத வேண்டும்.

எளிய வழி நேர்கோட்டு முறை. வாங்கிய விலையிலிருந்து கடைசியில் தேறும் மதிப்பைக் கழித்து, ஆயுளால் வகுக்க வேண்டும்:

(8,00,000 − 2,00,000) ÷ 10 = ஆண்டுக்கு 60,000 ரூபாய்

வாங்கிய விலை என்பது ஷோரூம் விலை மட்டும் அல்ல. பதிவுச் செலவும் வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்த செலவும் அதில் சேரும். மானியம் கிடைத்திருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். கடைசியில் தேறும் மதிப்புக்குப் பாடப்புத்தகங்கள் பொதுவாக 10 சதவீதம் என்று வைக்கும். நன்றாகப் பராமரித்த டிராக்டர் நம் ஊர்ச் சந்தையில் அதைவிடக் கூடுதலாகவே விலைபோகும். அதனால்தான் இங்கே 2 லட்சம். இந்த எண்ணை ஊர்த் தரகரிடம் கேட்டு வைப்பதே மேல்.

இனி இதை மணிக்கணக்குக்கு மாற்ற வேண்டும். ஆண்டுக்கு 400 மணி ஓடும் வண்டிக்கு 60,000-ஐ வகுத்தால் மணிக்கு 150 ரூபாய் வருகிறது. இதோடு முடக்கிய பணத்துக்கு வட்டி சேரும். சராசரி முதலீடு, வாங்கிய விலையையும் கடைசி மதிப்பையும் கூட்டிப் பாதியாக்கினால், 5 லட்சம். 10 சதவீதம் வட்டி என்றால் 50,000, மணிக்கு 125. காப்பீடு 10,000 என்றால் மணிக்கு 25. மூன்றும் சேர்ந்து 300. ஆக உண்மையான மிச்சம் 430 அல்ல, 130. பக்கத்து ஊர்க்காரர் 950 ரூபாய்க்கு ஓட்டுகிறார் என்று இவரும் வாடகையைக் குறைத்தால் மணிக்கு 20 ரூபாய் நட்டம். ஆனாலும் ஒவ்வொரு நாளும் கையில் காசு வந்துகொண்டே இருக்கும். நட்டம் தெரியாமல் ஓட்டுவது இப்படித்தான் நடக்கிறது.

இந்த 300 ரூபாய் ஓட்ட நேரத்தைப் பொறுத்தது. அதே வண்டி 1,000 மணி ஓடினால் 120 ரூபாயாக இறங்கிவிடும். சொந்த நிலத்தின் 50 மணிக்காக மட்டும் வைத்திருந்தால் மணிக்கு 2,400. அப்போது வாடகைக்கு எடுப்பதே மலிவு. ஒன்று கவனிக்க வேண்டும்: ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் ஓட்டினால் 10 ஆண்டு ஆயுள் என்பது செல்லாது. அங்கே 10,000 மணியை ஆயுளாக வைத்து மணிக்கு 60 ரூபாய் என்று தேய்மானம் போடுவதே சரி.

அப்படியானால் ஓட்டநேரப் பதிவு சரியாக இருக்க வேண்டும், பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. பழைய டிராக்டர்களின் மணிகாட்டி எஞ்சின் சுழற்சியோடு இணைந்தது. குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் அதன் ஒரு மணி கடிகாரத்தின் ஒரு மணிக்குச் சமம். மெதுவாக ஓடும்போது அது பின்தங்கும். வாடகையைக் கடிகாரப்படி வாங்கிவிட்டுத் தேய்மானத்தை மணிகாட்டிப்படி போட்டால் இரண்டும் ஒட்டாது. எதை எடுத்தாலும் ஒன்றையே கடைசிவரை எடுக்க வேண்டும். பதிவேட்டில் தேதி, யார் வயல், என்ன வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஊற்றிய டீசல், வாங்கிய பணம், நின்ற பாக்கி என்ற எட்டுப் பத்தி போதும். அன்றைக்கு அன்றே எழுதவேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் பதிவில் முதலில் விடுபடுவது சொந்த வயலில் ஓடிய நேரம்தான்.

இன்னொரு முறை குறைந்துசெல் மதிப்பு முறை. ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பில் ஒரே சதவீதத்தைக் கழிப்பது. 15 சதவீதம் என்றால் முதலாண்டு 1,20,000, இரண்டாமாண்டு 1,02,000. இரண்டு ஆண்டில் மதிப்பு 5,78,000 ஆகிவிடும், நேர்கோட்டில் அப்போது 6,80,000. புது வண்டியின் விலை முதல் ஓரிரு ஆண்டில் வேகமாக விழும் என்ற சந்தை நடைமுறைக்கு இதுவே நெருக்கம். தேர்வில் மாணவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு, கடைசியில் தேறும் மதிப்பை முதலிலேயே கழித்துவிட்டு 15 சதவீதம் போடுவது. இந்த முறையில் அதைக் கழிக்கக் கூடாது, மதிப்பு தானாகவே அதை நோக்கி இறங்கும். 10 ஆண்டு முடிவில் சுமார் 1,57,500-இல் நிற்கும். மணிக்கு எவ்வளவு செலவு என்று தெரிய நேர்கோடு வசதி. இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று வங்கி கேட்டால் இது நெருங்கி வரும்.

இப்போது ஐந்தொகைக்கு வருவோம். ரொக்க நோட்டு ஓர் ஆண்டு முழுக்க ஓடும் படம் என்றால், ஐந்தொகை என்ன சொத்து இருக்கிறது, எவ்வளவு கடன் நிற்கிறது என்று ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த ஒற்றைப் புகைப்படம். எந்த நாள் என்பதுதான் முதல் கேள்வி. வங்கிக்கு மார்ச் 31 வேண்டும். ஆனால் டெல்டாவில் அன்றைக்கு நெல் தரிசில் போட்ட உளுந்து வயலில் நிற்கும், நிற்கும் பயிருக்கு மதிப்புப் போடுவது ஊகமாகிவிடும். மே 31 நல்ல நாள். சம்பா விற்று முடிந்து, உளுந்தும் வீடு வந்திருக்கும். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12 என்பதால் குறுவை இன்னும் பெரிய அளவில் தொடங்கியிருக்காது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் சொந்தக் கணக்குக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் உண்டு. டிராக்டர் வாடகையும் பால் விற்ற பணமும் விவசாய வருமானம் அல்ல, தொழில் வருமானம். அவற்றுக்கு வரிக்கணக்கு மார்ச் 31-தான்.

நம் பண்ணையில் 31.5.2025-இல் முடிந்த ஆண்டில் ரொக்கமாக நடந்தது இது. நெல், உளுந்து, பால் விற்றுவந்தது 3,90,000. வாடகை 3,85,000, ஆனால் பாக்கி 25,000 கூடிவிட்டதால் கைக்கு வந்தது 3,60,000. செலவில் சாகுபடிக்கு 2,10,000, டிராக்டர் ஓட்டத்துக்கு 2,68,000, காப்பீடு 10,000, வட்டி 40,000. ஆக 2,22,000 மிச்சம். அதில் டிராக்டர் கடன் அசலுக்கு 1,20,000 கட்டி, வீட்டுச் செலவுக்கு 1,22,000 எடுத்தார்கள். ரொக்கம் 20,000 குறைந்தது.

| | 31.5.2024 | 31.5.2025 |
|---|---|---|
| ரொக்கம், வங்கி | 60,000 | 40,000 |
| நெல் இருப்பு | 40,000 | 40,000 |
| வாடகைப் பாக்கி | 20,000 | 45,000 |
| மாடு | 80,000 | 80,000 |
| டிராக்டர் | 6,80,000 | 6,20,000 |
| நிலம் | 48,00,000 | 48,00,000 |
| மொத்தச் சொத்து | 56,80,000 | 56,25,000 |
| பயிர்க்கடன் | 1,00,000 | 1,00,000 |
| டிராக்டர் கடன் | 3,60,000 | 2,40,000 |
| மொத்தக் கடன் | 4,60,000 | 3,40,000 |
| நிகர மதிப்பு | 52,20,000 | 52,85,000 |

சொத்து 55,000 குறைந்திருக்கிறது, கையிலும் பணம் குறைந்திருக்கிறது, ஆனால் நிகர மதிப்பு 65,000 கூடியிருக்கிறது. முரண்பாடாகத் தோன்றினாலும் சரிதான். ரொக்க மிச்சம் 2,22,000-ஓடு கூடிய பாக்கி 25,000 சேர்த்து, தேய்மானம் 60,000 கழித்தால் ஆண்டு இலாபம் 1,87,000. அதில் வீட்டுக்கு எடுத்தது 1,22,000 போக மிச்சம் 65,000. ஐந்தொகை காட்டும் உயர்வும் இலாபக் கணக்கு காட்டும் மிச்சமும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பதிவு தவறு. அந்த வித்தியாசமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். சரியாக 1,20,000 உதைத்தால் கடன் அசலை யாரோ செலவாக எழுதியிருக்கிறார்கள். 60,000 உதைத்தால், ஒரு கணக்கில் தேய்மானம் ஏறி மற்றதில் ஏறவில்லை. புதுக்கடன் வாங்கிய தொகையை வரவில் எழுதுவதும், டிராக்டர் வாங்கிய ஆண்டிலேயே முழு விலையையும் செலவில் போட்டுவிட்டு மேலும் தேய்மானம் கழிப்பதும் அடிக்கடி பார்க்கும் மற்ற இரண்டு தவறுகள்.

இந்தச் சோதனை பிடிக்காத ஒன்றும் உண்டு. வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்த நெல் 30,000 ரூபாய் மதிப்பு என்று வைப்போம். அதை எழுதாவிட்டால் இலாபமும் 30,000 குறையும், வீட்டுக்கு எடுத்ததும் 30,000 குறையும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, ஐந்தொகை சிரித்துக்கொண்டே ஒட்டிவிடும். பிடிக்க ஒரே வழி மூட்டைக் கணக்கு: அறுத்த மூட்டை, விற்றது, விதைக்கு வைத்தது, கூலியாகக் கொடுத்தது, வீட்டுக்கு எடுத்தது, இருப்பு எல்லாம் கூடவேண்டும்.

நிலத்தின் மதிப்பை இரண்டு ஆண்டும் ஒரே எண்ணில் வைத்திருப்பது தெரிந்தே செய்தது. சாலையோர மனை விலை ஏறியது என்று 5 லட்சம் கூட்டிவிட்டால் நிகர மதிப்பு துள்ளும், ஆனால் அதற்கும் சாகுபடி நடத்திய விதத்துக்கும் சம்பந்தம் இல்லை. நிலத்துக்குத் தேய்மானமும் கிடையாது. மோட்டார், பம்ப்செட், கொட்டகைக்கு உண்டு. வாடகைப் பாக்கியையும் அப்படியே நம்பக் கூடாது. இரண்டு பருவம் தாண்டிய பாக்கியைப் பாதியாகவோ சுழியமாகவோ போடுவது நல்லது.

கடைசியாகப் பார்க்க வேண்டியது நிகர மதிப்பை அல்ல. ஓராண்டுக்குள் பணமாகும் சொத்து ரொக்கம், நெல், பாக்கி சேர்ந்து 1,25,000. ஓராண்டுக்குள் கட்டவேண்டியது பயிர்க்கடன் 1,00,000, டிராக்டர் கடனின் அடுத்த அசல் 1,20,000, மொத்தம் 2,20,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் நடப்பு விகிதம் 0.57. 52 லட்சத்துக்குச் சொந்தக்காரர் குறுவை உரத்துக்கு நகையை அடகு வைக்கப் போவது இதனால்தான். மே மாதத்தில் இந்த விகிதம் இயல்பாகவே தாழ்ந்து நிற்கும், சம்பா அறுத்த கையோடு பார்த்தால் உயர்ந்திருக்கும். எனவே இதை அடுத்த ஆண்டு மே 31-ஓடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

டிராக்டர் கடன் 5 ஆண்டில் தீரும், வண்டி 10 ஆண்டு ஓடும். முதல் 5 ஆண்டு அசல் 1,20,000 போகிறது, தேய்மானம் 60,000-தான், அதனால் இலாபத்தை விடக் கையில் இறுக்கம் அதிகம். ஆறாம் ஆண்டிலிருந்து தவணை இல்லை, தேய்மானம் மட்டும் தொடரும், கையில் பணம் தாராளமாகத் தெரியும். அப்போதிருந்து அந்த 60,000-ஐ ஆண்டுதோறும் வங்கியில் தனியாகப் போட்டுவைத்தால், பத்தாம் ஆண்டு பழைய வண்டியின் 2 லட்சத்தோடு சேர்ந்து 5 லட்சம் கையில் இருக்கும், வட்டி தனி.