மன்னிப்புக்கு ஜிகினா ஒட்டாதீர்கள்

சிறு கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதித் தருவதும், அவர்களே எழுதியதைச் சரிபார்த்துத் தருவதும் என் பிழைப்பு. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் புடவை விற்கும் ஒரு அக்கா பதறிப்போய் போன் செய்தார். கூரியர் தாமதம், பார்சல்கள் தேங்கிவிட்டன, மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு போட்டிருக்கிறார். அதற்குப் போய் ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள். பதிவைத் திறந்து பார்த்தேன். கடைசி வரி இப்படி இருந்தது:

"தாமதத்துக்கு ✨மனமார✨ வருந்துகிறோம்."

கீழே முதல் கமெண்ட்: "ஓ, மனமாரவா?" அடுத்தது: "காசு குடுத்தவங்களையே கிண்டல் பண்றீங்களா?" அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. "பூ வச்ச மாதிரி அழகா இருக்கேன்னு போட்டேன் தம்பி, அதுல என்ன தப்பு?" என்றார்.

தப்பு அந்த மின்னலில் இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில். ஒரு வரியின் முடிவில் ஒற்றையாக வந்தால் ✨ வெறும் அலங்காரம்தான், வாசலில் மாட்டிய சீரியல் பல்பு மாதிரி. ஒரே ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் வந்தால் கதை வேறு. அப்போது அது கிட்டத்தட்ட மேற்கோள் குறியின் வேலையைச் செய்கிறது. சைவ ஹோட்டல் போர்டில் "சுத்தமான" எண்ணெய் என்று மேற்கோளுக்குள் எழுதியிருந்தால் நமக்கு ஒரு சந்தேகம் வருகிறதல்லவா? அதே சந்தேகத்தைத்தான் அக்காவின் வாடிக்கையாளர்கள் 'மனமார' மேல் பட்டார்கள்.

இந்தப் பழக்கம் ஆங்கில இணையத்தில் வளர்ந்தது. எமோஜி பரவலாவதற்கு முன், 2000-களிலேயே சொல்லின் இரு பக்கமும் ~*~ என்று தட்டி மினுமினுப்புக் காட்டுவார்கள். முதலில் நிஜமான அலங்காரமாகத்தான் இருந்தது. அது பழசாகிச் சலித்தபின், கேலிக்காகவே அப்படித் தட்ட ஆரம்பித்தார்கள். ✨ ஜப்பானியக் கைபேசிகளில் இருந்து வந்து, எழுத்துக்கும் எமோஜிக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலில், 2010-இல் வந்த 6.0 பதிப்பில், U+2728 என்ற எண்ணில் இடம்பிடித்தது. ஜப்பானியப் படக்கதைகளில் அழகான பாத்திரத்தைச் சுற்றி மினுங்கும் பொறிகள் வரைவார்களே, அந்த வழி வந்ததுதான். பிறகு ~*~ செய்துகொண்டிருந்த வேலையும் அதன் தலையில் விழுந்தது.

எப்போது கேலி, எப்போது அழுத்தம் என்பதை உள்ளே இருக்கும் சொல்தான் தீர்மானிக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை ✨பிரியாணி✨" என்றால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், அது அழுத்தம். "நாளைக்கு ✨திங்கட்கிழமை✨" என்றால் கேலி, ஏனென்றால் திங்கட்கிழமைக்கு யாரும் தோரணம் கட்டுவதில்லை. மூன்றாவது வகை நாசூக்கு வேஷம்: "அண்ணி ✨ஓய்வெடுக்கிறார்✨". நம் வீடுகளில் "மகாராணி ஓய்வெடுக்கறாங்க" என்று இழுத்துச் சொல்வோமே, அந்த இழுப்பு இங்கே இரண்டு மின்னலாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பதற்றம், கடன், மனச்சோர்வு போன்ற கனமான சொற்களை இப்படி மினுக்கி எழுதுவது சகஜம். தன் கஷ்டத்தைத் தானே லேசாக்கிக்கொள்வது அது. ஒரு கடையோ கிளினிக்கோ அடுத்தவர் கஷ்டத்துக்கு அப்படிச் செய்தால் நன்றாக இருக்காது.

வியாபாரிகள் மாட்டிக்கொள்வது இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் சொற்களில்தான்: நேர்மை, இலவசம், உறுதி, வருத்தம், வலியில்லாத. ஏற்கனவே அரை நம்பிக்கையோடு படிக்கப்படும் சொற்கள் இவை. ஒரு பல் கிளினிக்கின் வரைவில் "✨வலியில்லாத✨ சிகிச்சை" என்று வந்தது. என் அக்கா மகளிடம் காட்டினேன். "அப்போ நிச்சயமா வலிக்கும்போல மாமா" என்றாள். கிளினிக்கில் எழுதியவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், படித்தவளுக்குப் பத்தொன்பது. எல்லாரும் இப்படி வயதுவாரியாகப் பிரிவதில்லை, ஆனால் ஒரே கேப்ஷனை இரண்டு கூட்டமும் படிக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கண்ணால் படிக்காதவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் ஸ்கிரீன் ரீடரில் அக்காவின் பதிவைப் போட்டுக் காட்டினார். "தாமதத்துக்கு ஸ்பார்க்கிள்ஸ் மனமார ஸ்பார்க்கிள்ஸ் வருந்துகிறோம்" என்றது குரல். ரீடருக்குக் கேலியும் தெரியாது, அழகும் தெரியாது, அந்தக் குறிக்கு என்ன பெயரோ அதைச் சொல்லிவிட்டுப் போகும். ஆங்கிலச் சொல் ஒன்றைச் சுற்றிப் போட்டால் அதோடு போயிற்று. தமிழில் இன்னொரு வம்பு, நம் சொல்லுக்கு வால் உண்டு. "✨சுவை✨யான பலகாரம்" என்று எழுதினால் "சுவை ஸ்பார்க்கிள்ஸ் யான பலகாரம்" என்று கேட்கும். கண்ணுக்கும் 'யான' தனியாகத் தொங்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் விகுதியோடு முழுச் சொல்லையும் உள்ளே வையுங்கள்: ✨சுவையான✨. அழகுக்காக எழுத்தெழுத்தாக இடைவெளி விட்டு "✨ சு வை ✨" என்று எழுதுபவர்களும் உண்டு. அதை ரீடர் ஒரு சொல்லாகவே சேர்த்துப் படிக்காது.

இதற்கு நான் செய்யும் சோதனை எளிது. மின்னல் இரண்டையும் அழித்துவிட்டு வரியை வாய்விட்டுப் படிப்பேன். கேலி செய்ய நினைத்திருந்தால், அழித்தபின்னும் கேலி கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கேலி வரியில் இல்லை, எமோஜியில் மட்டும்தான் இருந்தது என்று அர்த்தம். அந்த வரியை மாற்றி எழுதுவேன். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை என்ன செய்தார்? இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சிக்குப் படித்த பாட்டுதான். மினுமினுப்பை அவர் சொல்லைச் சுற்றி வைக்கவில்லை, வேலின் மேலேயே வைத்துவிட்டார். அதனால் காதால் மட்டும் கேட்பவருக்கும் குத்தல் போய்ச் சேர்கிறது.

கேலியே நோக்கமில்லை என்றால் இன்னும் சுலபம். மன்னிப்பு, விலை, தேதி, மருந்து அளவு, உத்தரவாதம், இந்த ஐந்தையும் சுற்றி எதுவும் வைப்பதில்லை. 'மனமார' போன்ற சொல்லுக்குப் பதில் ஒரு விவரம் போட்டால் நம்பிக்கை தானாக வரும்.

அக்காவின் பதிவை அன்று இரவே இப்படி மாற்றினோம்: "17, 18 தேதிகளில் அனுப்ப வேண்டிய 42 பார்சல்கள் 20-ஆம் தேதிதான் கிளம்பும். முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு, மன்னிக்கவும். பண்டிகைக்குள் வராது என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்." பழைய பதிவை அழிக்க வேண்டாம், கேப்ஷனை மட்டும் திருத்துங்கள் என்றேன். அழித்தால் அதற்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றும். நாலு பேர் பணம் கேட்டார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்தபின், "அப்போ இனிமே அதைப் போடவே கூடாதா தம்பி?" என்று கேட்டார் அக்கா. குரலில் கொஞ்சம் ஏக்கம். தாராளமாகப் போடுங்கள், வரி முடிந்தபிறகு ஒன்றே ஒன்று என்றேன். மறுநாள் காலை அவர் பக்கத்தில் ஒரு மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவைப் படம், கீழே "தீபாவளி வாழ்த்துகள் ✨".