தெருவே குடித்தது என்பதால் அது காமாலைக்கு மருந்தாகிவிடாது

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து காமாலையோடு வருகிறவர்களிடம் "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று நிச்சயம் வரும். "பச்சிலை குடிச்சோம் டாக்டர், அது பாட்டி காலத்துலேர்ந்து குடுக்குறது." "இலைதானே, அது என்ன பண்ணிடப் போகுது." "எங்க தெருவுல யாருக்கு வந்தாலும் அங்கதான் போவாங்க, எல்லாருக்கும் சரியாயிடுச்சு." பல நேரம் மூன்றும் சேர்ந்தே வரும். பொறுமையாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் வந்த ஒரு பெண்ணைப் பார்த்தபிறகு எழுதியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

சின்ன வயது, கைக்குழந்தைக்காரி. டிபி வந்து, அரசு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டாவது மாதம். முதலில் குமட்டல், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு. அப்புறம் கண் மஞ்சள். சிறுநீர் நிறம் மாறியதை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் டிபி மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகத்தான் போகும், பயப்படாதீர்கள் என்று நாங்களே முதல் நாளில் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் அந்த மாத்திரை வழக்கமான அளவில் கண்ணின் வெள்ளையை மஞ்சளாக்காது. கண்ணும் மஞ்சள், சிறுநீரும் கட்டங்காப்பி நிறம் என்றால் அது ஈரல் சொல்கிற சேதி.

மாமியார் நல்ல மனதோடுதான் பச்சிலை கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலந்து ஒரு உருண்டை, எண்ணெய் இல்லாத உப்பில்லாத பத்தியம். அங்கே யாரும் ரத்தம் எடுக்கவில்லை, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றும் கேட்கவில்லை. டிபி மாத்திரையை ஒரு நாள் கூட விடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அந்தப் பெண் அதையும் விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். எந்த மாத்திரை ஈரலைக் கெடுத்ததோ அதே மாத்திரையை, காமாலைக்கு மருந்து குடித்துக்கொண்டே.

என்னிடம் வந்தபோது கேள்வி கேட்டால் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். கை சட்டென்று விழுந்து விழுந்து எழும்பியது. மூளை வரைக்கும் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 14. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் 2.6, சாதாரணமாக அது 1 பக்கத்தில் இருக்கவேண்டும். அன்றைக்கே பெரிய மருத்துவமனையில் சேர்த்து, ஈரலைத் தாக்கும் டிபி மாத்திரைகளை நிறுத்தினார்கள். பிழைத்துவிட்டாள். ஈரல் தேறியபிறகு, ரத்தம் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு மாத்திரையாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். இன்னும் சில நாள் வீட்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமியாருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த "எல்லாருக்கும் சரியாயிடுச்சு" விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான், ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எல்லாருக்கும் சரியாகியிருக்கிறது.

நம் பக்கத்தில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்தால் வருகிற காமாலையில் பெரும்பகுதி ஹெபடைட்டிஸ் ஏ, இல்லாவிட்டால் ஈ. ஹெபடைட்டிஸ் ஏ வந்த 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தும் கொடுக்காமல் விட்டாலும் 99 பேருக்கு மேல் சில வாரங்களில் தானாகவே தேறிவிடுவார்கள், உடம்பே அந்த வைரஸை விரட்டிவிடும். அந்த 100 பேருக்கும் பச்சிலை கொடுத்தால் 99 பேர் தேறுவார்கள். பச்சைத்தண்ணீர் கொடுத்தாலும் 99. கையில் கயிறு கட்டினாலும் 99. தேறிய ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அடுத்து காமாலை வருகிறவரும் அங்கேயே போவார், கூட்டம் கூடும், கூட்டத்தைப் பார்த்து இன்னும் கூட்டம் வரும். ஆயிரம் பேர் சொன்னாலும் அந்த மருந்து வேலை செய்தது என்பதற்கு அதில் ஒரு துளி ஆதாரம்கூடக் கிடையாது, ஏனென்றால் குடிக்காமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் பார்க்கவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண் நன்றாக மஞ்சளான பிறகுதான் வீட்டில் பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். வைரஸ் காமாலை உச்சத்துக்குப் போய்விட்டு இறங்க ஆரம்பிக்கிற சமயமும் ஏறக்குறைய அதுதான். மூன்று வேளை மருந்து உள்ளே போனதும் மஞ்சள் குறைகிற மாதிரி தெரியும். குறையத்தான் செய்யும், அது குறைகிற நேரம் வந்துவிட்டது.

சரி, தேறாத அந்த ஒருவர்? நிலைமை மோசமானதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இறந்தால் ஆஸ்பத்திரியில் இறக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போனான், செத்துட்டான்" என்று தெரு பேசும். பச்சிலைக் கணக்கில் அந்தச் சாவு ஏறவே ஏறாது. தேறியவர்கள் எல்லாரும் ஒரு பக்கம், தேறாதவர்கள் எல்லாரும் இன்னொரு பக்கம் என்று கணக்கு எழுதினால் எந்த மருந்துதான் தோற்கும்?

அடுத்தது பாட்டி காலம். பாட்டி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் பாட்டிக்குத் தெரிந்தது மஞ்சள் நிறம் மட்டும். அந்த மஞ்சளுக்குப் பின்னால் வைரஸ் இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம், பித்தநாளத்தை அடைத்த கல்லோ கணையப் புற்றுநோயோ இருக்கலாம், மாத்திரையால் வந்த பாதிப்பும் இருக்கலாம். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸையே 1973-இல்தான் கண்ணால் பார்த்தார்கள், ஈ வைரஸை 1983-இல். எது எது என்று பிரித்தே பார்க்க முடியாத காலத்தில் எதற்கு எந்த மருந்து கேட்டது என்று எப்படித் தெரியும்? அந்தப் பெண்ணின் விஷயத்தையே பாருங்கள். ஐசோனியசிட் டிபிக்கு வந்தது 1952-இல், ரிஃபாம்பிசின் அதற்கும் பின்னால். அந்த மாத்திரைகளால் காமாலை வரும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக வந்த எந்த வைத்தியமும் அறிந்திருக்க வழியே இல்லை.

பழசு என்பதால் அப்படியே தூக்கி எறியவும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள், இதே சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு எந்த ஹெபடைட்டிஸ் பி நோயாளிக்கும் அதை நம்பி நாம் கொடுப்பதில்லை. அந்தச் சோதனையில் கீழாநெல்லி சாப்பிட்டவர்கள் பக்கத்தில் அதைச் சாப்பிடாதவர்களும் இருந்தார்கள் பாருங்கள், தெருவில் யாரும் செய்யாத வேலை அது.

எங்கள் வைத்தியத்துக்கும் இதே விதிதான். டிபி வந்தால் சானடோரியத்தில் படுத்து ஓய்வெடுத்து, சத்தாகச் சாப்பிட்டு, நல்ல காற்று வாங்கினால்தான் குணமாகும் என்று பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பினார்கள். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய டிபி ஆராய்ச்சி மையம், ஒரே மாத்திரையைச் சிலருக்கு சானடோரியத்திலும் சிலருக்கு வீட்டிலும் கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீட்டில், ஏழைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். 1959-இல் அது வெளிவந்ததும் அத்தனை பெரிய டாக்டர்களின் அத்தனை வருஷ நம்பிக்கை போயிற்று. அந்தப் பெண் இன்று வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட முடிந்ததற்குக் காரணமும் அதுதான்.

"இலைதானே" என்பவர்களுக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. அரளியும் இயற்கைதான். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கும் இயற்கைதான், தின்றால் ஆளைக் கொல்லும். கொரோனா நேரத்தில் எதிர்ப்புசக்திக்கென்று சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே அடிபட்ட ஈரலுக்கு என்ன இலை, எவ்வளவு என்றே தெரியாத ஒரு உருண்டையைக் கொடுப்பது பத்திரமான காரியம் இல்லை.

படித்த சித்த மருத்துவர்களைப் பற்றி நான் பேசவில்லை. முறையாகப் படித்தவர் முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்வார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பார்.

கண் மஞ்சளானால் அன்றைக்கே ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், அரசு மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்து வாருங்கள். டிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாந்தி நிற்காமல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல், மாத்திரை கொடுத்த இடத்துக்கு அன்றைக்கே போகவேண்டும். தாங்களாகவே நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரவும் கூடாது. மலம் வெளுத்துப்போய் உடம்பெல்லாம் அரித்தால் அடைப்பாக இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். தூக்கக் கலக்கம், பேச்சுக் குழப்பம், ஈறில் ரத்தக்கசிவு என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள், அந்த நேரத்தில்தான் உடம்புக்குச் சாப்பாடு வேண்டும்.

அத்தைமார்களே, மாமியார்களே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கண் மஞ்சளானால் தயவுசெய்து ஒரு வேளைகூடப் பச்சிலைக்குக் காத்திருக்காதீர்கள். தண்ணீரால் வருகிற அதே ஹெபடைட்டிஸ் ஈ, கடைசி மூன்று மாதத்தில் வந்தால் ஐந்தில் ஒரு தாயைக்கூடக் கொண்டுபோய்விடும். தெருவில் தேறியவர்களின் பட்டியலில் அப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள், கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்து நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.