ஃபிரிட்ஜ் நாறினால் கேஸ் லீக் என்று அர்த்தமில்லை

"கேஸ் லீக் ஆகுதுங்க, ஃபிரிட்ஜைத் திறந்தாலே நாறுது." இந்த வாரமும் இப்படி ஒரு போன். போய்ப் பார்த்தால் ஃபிரீசரில் ஐஸ் ஜம்மென்று உறைந்திருக்கிறது. கேஸ் போயிருந்தால் ஐஸ் எப்படி உறையும்?

ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சமையல் கேஸ் நாறுவது, கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று அதில் வாடை சேர்த்து விற்பதால்தான். ஃபிரிட்ஜ் கேஸில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை. அது கசிந்தால் நாறாது, குளிர்ச்சிதான் குறையும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பால் சீக்கிரம் திரிந்துவிடும். குளிர்ச்சி சரியாக இருந்து நாற்றம் மட்டும் அடித்தால், கெட்டுப்போன ஏதோ ஒன்று உள்ளே எங்கோ ஒட்டியிருக்கிறது. "கேஸ் மாற்றணும்" என்று யாராவது சொன்னால், குளிர்ச்சி குறைந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இந்த வாரம் போன வீட்டில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மெயினை அணைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். ஃபிரீசரில் இருந்த வஞ்சிரமும் இறாலும் உருகி வழிந்திருக்கிறது. திரும்பி வந்து மீனைத் தூக்கிப் போட்டார்கள், தட்டுகளைக் கழுவினார்கள், எலுமிச்சையை வெட்டி வைத்தார்கள், ரூம் ஸ்பிரேயும் அடித்தார்கள். எலுமிச்சையும் மீனும் கலந்த ஒரு வாடைதான் மிச்சம்.

நான் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். கம்ப்ரசருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உள்ளே உருகும் தண்ணீர் பின்சுவரில் உள்ள சிறு துளை வழியாக இறங்கி இதில்தான் சேரும். அந்தத் தட்டில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று மீன் தண்ணீர், கீழே கம்ப்ரசரின் சூடு வேறு. துளையில் ஒரு கறிவேப்பிலை அடைத்திருந்தது. வீட்டம்மாவுக்கு இப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது. பாதிப் பேருக்குத் தெரியாது என்பதுதான் என் தொழில் ரகசியம்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைக் கழற்றி, கம்ப்ரசர் ஆற அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுங்கள். கண்ணாடித் தட்டில் உடனே சுடுநீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து சுவர், டிரே எல்லாவற்றையும் துடையுங்கள். கதவு ரப்பரின் மடிப்பை விரித்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். கறுப்புப் பூஞ்சை குடியிருப்பது அங்கேதான். ஊசி இல்லாத சிரிஞ்சில் அதே கரைசலை எடுத்து அந்தத் துளையில் மெதுவாகச் செலுத்துங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம். பின்தட்டு கழன்று வந்தால் கழுவுங்கள், வராவிட்டால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். பிறகு கதவைத் திறந்தபடி ஒரு நாள் விட வேண்டும். இதை மட்டும் யாரும் கேட்பதில்லை!

மிஞ்சிய லேசான வாடைக்குக் கிண்ணத்தில் ஆப்ப சோடாவோ உடைத்த அடுப்புக்கரியோ திறந்து வைக்கலாம். அது கழுவிய பிறகு செய்வது, கழுவுவதற்குப் பதில் அல்ல. தயவுசெய்து நாப்தலின் உருண்டை வைக்காதீர்கள். அது விஷம், சாப்பாட்டில் ஏறும். பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றாதீர்கள், கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும். ஃபிரீசர் ஐஸைக் கத்தியால் குத்த வேண்டாம், கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும். பல புது மாடல்களில் இருப்பது தீப்பிடிக்கும் கேஸ்.

இவ்வளவும் செய்து நாற்றம் போகவில்லை என்றால், மீன் தண்ணீர் விரிசல் வழியாகச் சுவருக்குள் குளிர்ச்சியைக் காக்கும் பஃப் நுரையில் ஊறியிருக்கலாம். அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.

அங்கே கிளம்பும்போது அந்த அம்மா பையனின் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸை நீட்டினார். "இதுவும் நாறுதுங்க." மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் காட்டினேன். அடியில் பழைய சாம்பார் காய்ந்து கிடந்தது. வளையத்தைத் தனியாகக் கழுவாமல் பாக்ஸை எத்தனை முறை தேய்த்தாலும் வாடை போகாது.

பாக்ஸில் ஏறியிருப்பது எண்ணெய். அதனால் முதலில் சோப்பும் வெந்நீரும். கொதிநீர் வேண்டாம், மூடி கோணிக்கொள்ளும். பிறகு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து உள்ளே பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் கழுவி, வெயிலில் திறந்து வையுங்கள். சோடாவோடு வினிகரையும் ஊற்றிப் பொங்க விடுவதில் பயன் இல்லை, ஒன்றை ஒன்று முறித்துவிடும். ஈரத்தோடு மூடி வைத்தால் மறுபடி அதே கதைதான். கம்பி நாரால் தேய்த்துக் கீறல் விழுந்த பாக்ஸாக இருந்தால், எண்ணெய் கீறலுக்குள் தங்கிவிடும். அதோடு போராட வேண்டாம், அதில் நட்டு போல்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு எவர்சில்வர் வாங்கிக் கொடுங்கள்.