யார்: நூறு யார் ஓட்டத்தை நூறு மீற்றரோடு ஒப்பிடுவது எப்படி?

யாழ்ப்பாணத்துப் புடவைக் கடையில் "இரண்டு யார் வெட்டுங்கோ" என்றால் கடைக்காரருக்கு விளங்கிவிடும். அதே சொல்லைப் பழைய பாடசாலை மலரில் "100 யார் ஓட்டம்: 10.2 செக்கன்" என்று படிக்கும் இன்றைய மாணவருக்குத்தான் சிக்கல். தாத்தாவின் 10.2 சிறந்ததா, தன்னுடைய 100 மீற்றர் 11.2 சிறந்ததா?

'யார்' ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குக் கோல், கழி என்று பொருள். தமிழகத்தார் சொல்லும் கெஜமும் நமதல்ல. அது பாரசீகத்தின் 'கஸ்' என்ற அளவிலிருந்து வந்தது. தமிழிலேயே சொல்ல விரும்பினால் 'இரண்டு முழம்' என்பதுதான் மிக அருகில் வரும். முழத்தைப் பதினெட்டு அங்குலமாகக் கொள்ளும் வழக்குப்படி இரண்டு முழம் முப்பத்தாறு அங்குலம். 'கோல்' பொருளில் பொருந்துவதுபோல் தோன்றும், ஆனால் நம் வழக்கில் அது பல முழ நீளமுள்ள வேறோர் அளவு. எனவே பழைய பதிவுகளை எடுத்தெழுதும்போது 'யார்' என்றே விடுவதுதான் நல்லது. "நூறு யார் ஓடினார்" என்பதைக் கேள்வி என்று எண்ணிச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

1959 இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் செய்த உடன்பாட்டின்படி ஒரு யார் துல்லியமாக 0.9144 மீற்றர். ஆகவே 100 யார் என்பது 91.44 மீற்றர். நூறு மீற்றருக்கு இன்னும் 8.56 மீற்றர் பாக்கி. தூரத்தைப் பொறுத்தவரை கணக்கு இத்தோடு முடிகிறது. நேரத்தை மாற்றும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

தூரம் 1.0936 மடங்கு கூடுகிறது, ஆகவே நேரத்தையும் 1.0936 ஆல் பெருக்கலாம் என்று எண்ணுவது இயல்பு. அப்படிப் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து எழும்பி வேகம் பிடிக்கச் செலவான நேரத்திலும் ஒரு பங்கை மறுபடி சேர்த்துவிடுகிறோம். பாக்கியுள்ள 8.56 மீற்றரில் தொடக்கமே இல்லை. ஓடுபவர் அப்போது ஏறக்குறைய முழு வேகத்தில் இருக்கிறார்.

உசைன் போல்ற் 2009 இல் பேர்லினில் ஓடிய 9.58 செக்கன் ஓட்டத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். முதல் பத்து மீற்றருக்கு 1.89 செக்கன், கடைசிப் பத்து மீற்றருக்கு வெறும் 0.83. தொண்ணூறாவது மீற்றரை 8.75 இல் கடந்தார், 91.44 ஐ ஏறத்தாழ 8.87 இல் கடந்திருப்பார். இந்த 8.87 ஐ 1.0936 ஆல் பெருக்கினால் 9.70 வருகிறது. உண்மையோ 9.58. விரைவோட்டத்தில் 0.12 செக்கன் என்பது ஒரு மீற்றருக்கும் மேலான இடைவெளி.

சரியான வழி, 8.56 ஐ ஓட்டக்காரரின் இறுதி வேகத்தால் வகுத்து, வருவதைப் பழைய நேரத்தோடு கூட்டுவது. நூறு யாரைப் பத்துச் செக்கன் அளவில் ஓடும் ஒருவர் முடிவில் செக்கனுக்கு ஒன்பதரை மீற்றருக்குச் சற்று மேல் ஓடுவார் என்று கொண்டால் கூட்டவேண்டியது ஏறத்தாழ 0.9. பன்னிரண்டு செக்கன் எடுக்கும் சிறுவருக்கு ஒரு செக்கனுக்குச் சற்று மேலே போகும்.

இனி தாத்தா, பேரன் வழக்குக்கு வருவோம். பெருக்கினால் 10.2 என்பது 11.15, பத்தில் ஒன்றுக்கு முழுமையாக்கினால் 11.2, சமநிலை. கூட்டினால் 11.1, தாத்தா வெல்கிறார். பேரனின் 11.2 உம் நிறுத்தற் கடிகாரத்தால் எடுத்ததாயின் தீர்ப்பு இதுதான். பேரனுடையது மின்னியல் நேரமாயின் கதை மாறும். கையால் நேரம் எடுப்பவர் துப்பாக்கிப் புகையைக் கண்ட பிறகே பொத்தானை அழுத்துகிறார்; ஓட்டம் முடிவதையோ முன்கூட்டியே எதிர்பார்த்து அழுத்திவிடுகிறார். அதனால் கைநேரம் குறைவாக விழும். நூறு மீற்றர் கைநேரத்தை மின்னியலோடு ஒப்பிட 0.24 செக்கன் கூட்டுவது வழமை. தாத்தாவின் 11.1 அப்போது 11.34 ஆகும், வெற்றி பேரனுக்கு.

அதற்கப்பால் கணக்கு உதவாது. புல்தரையில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓடியதையும் செயற்கைத் தடத்தில் ஓடியதையும் சமன்செய்ய நம்பத்தக்க எண் எதுவும் இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதும் பழைய மலரில் இருக்காது. மலர்க்குழுவினர் பட்டியல் தயாரிக்கும்போது மாற்றிய நேரத்தை மட்டும் அச்சிடாமல், "10.2 (100 யார், கைநேரம்). 100 மீற்றருக்கு ஏறத்தாழ 11.1" என்று மூல நேரத்தையும் சேர்த்துப் போடவேண்டும்.