கார்டிசோல் 6 என்றால் அதிகமா, குறைவா?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கார்டிசோல் என்ற ஹார்மோன் டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்று வந்திருக்கிறது. இது அதிகமா, குறைவா? ரத்தம் எடுத்த நேரம் தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. காலை எட்டு மணிக்கு எடுத்ததென்றால் கொஞ்சம் குறைவுதான்; அட்ரினல் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மேலும் பார்க்கச் சொல்வார்கள். நள்ளிரவில், தூக்கத்தின்போது எடுத்ததென்றால் அதே 6 மிக அதிகம். உடலில் கார்டிசோல் அளவுக்கு மீறி இருக்கும் குஷிங் நோய்க்குறியோ என்ற சந்தேகம் வரும்.

காரணம், கார்டிசோல் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும். விடியலுக்கு முன்பே ஏற ஆரம்பிக்கும். கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இன்னும் ஒரு தாவு தாவி உச்சத்தைத் தொடும். அப்புறம் இரவு வரை இறங்குமுகம்தான்.

இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துவது மூளையின் ஹைப்போதலாமஸ். அங்கிருக்கும் உடற்கடிகாரம் சொல்லும் நேரத்தில் அது சிஆர்எச் என்ற ஹார்மோனை விடும். அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, பதிலுக்கு ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலக்கும். அது வந்து சேர்ந்ததும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல், கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ராலிலிருந்து கார்டிசோலை உடனுக்குடன் தயாரிக்கும்; சேமித்து வைப்பதில்லை. கார்டிசோல் கூடியதும் அதுவே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் போய் 'போதும்' என்று தடுத்துவிடும்.

மன அழுத்தம் வந்தால் கடிகாரம் என்ன சொன்னாலும் இதே பாதை திறந்துகொள்ளும். ஜெர்மனியின் ட்ரியர் நகர ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. முன்பின் தெரியாதவர்கள் முன் பேச வேண்டும். பிறகு 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதயத் துடிப்பு உடனே எகிறும். எச்சிலில் கார்டிசோல் உச்சம் தொடுவதோ, எல்லாம் முடிந்து பத்து இருபது நிமிடம் கழித்துத்தான். மூன்று உறுப்புகள் வழியாகச் செய்தி போய், புதிதாகத் தயாரிக்கவும் வேண்டுமே!

அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் கார்டிசோல் எப்போதும் அதிகமாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. அடிக்கடி காணப்படுவது வேறு: காலையில் இருக்க வேண்டிய உயரம் இல்லை, இரவில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதும் இல்லை. சரிவு தட்டையாகிவிடுகிறது. 'போதும்' என்ற தடுப்புக்கு மூளை முன்போலச் செவிசாய்க்காமல் போவது இதற்கு ஒரு விளக்கம். ஆனால் தூக்கம் கெட்டாலும், இரவு ஷிப்ட் பார்த்தாலும் சரிவு மாறும். அதனால் ஒருவருடைய வரைபடத்தை மட்டும் வைத்து, இவருக்கு மன அழுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வுகளில் விழித்தவுடன், அரை மணி கழித்து, படுக்கப்போகும் முன் என்று ஒரே நாளில் பல முறை எச்சில் எடுப்பார்கள். ஆறு மணிக்கு விழித்துவிட்டு, புரண்டு படுத்து, ஏழு மணிக்கு முதல் மாதிரியை எடுத்து 'விழித்தவுடன்' என்று ஒருவர் எழுதினால் போச்சு: உச்சம் அதற்குள் கடந்திருக்கும், விழித்த பின் வரும் தாவலே இல்லாதவர்போல அவர் தெரிவார்.