ஆபரேட்டராக இருந்த ஏழு வருடத்தை ஏன் மறைக்கிறீர்கள்?

போன வாரம் மட்டும் நான்கு ரெஸ்யூம் வந்தது. நான்கு பேரும் மெஷினில் நின்று வேலை பார்த்து சூப்பர்வைசர் ஆனவர்கள், இப்போது பெரிய ஆலைக்குப் போக நினைக்கிறவர்கள். நான்கிலும் பெயருக்குக் கீழே இருந்த சுருக்கம் ஏறக்குறைய ஒன்றேதான்: ‘சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்.’ பிரவுசிங் சென்டரில் தயாராக வைத்திருக்கும் வரி அது. நேற்று கல்லூரி முடித்த பிள்ளைக்கும் அதையேதான் ஒட்டித் தருகிறார்கள்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாக ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அந்த நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் மீதியைப் படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். அங்கே உங்கள் விருப்பத்தை எழுதி எனக்கு என்ன பயன்? நீங்கள் எதை, எவ்வளவு பெரிதாக நடத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அந்த நால்வரில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஐ.டி.ஐ. டர்னர் படித்தவர். ஒரு நடுத்தர ஆலையில் சிஎன்சி ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு செட்டராகி, அங்கேயே ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆனவர். ரெஸ்யூமில் ‘12 ஆண்டு மேற்பார்வை அனுபவம், 120 பேரை நிர்வகித்தேன், ரிஜெக்‌ஷனை 50 சதவீதம் குறைத்தேன்’ என்று இருந்தது. ஆபரேட்டர் என்ற சொல்லையே காணோம்.

“ஏன் தம்பி, மெஷின்ல நின்னதை எழுதல?”

“அதை எழுதினா மதிப்பு குறையும்னு சொன்னாங்க சார்.”

யார்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை, வருடா வருடம் கேட்கிறேன். ஆலை வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் மெஷின் தெரிந்த சூப்பர்வைசரைக் குறைவாக நினைப்பதில்லை. ஆட்களை மட்டும் மேய்க்கத் தெரிந்தவர்தான் எங்களுக்குப் பயம். ஒரே ஆலையில் ஆபரேட்டர், செட்டர், சூப்பர்வைசர் என்று ஏறியிருந்தால், உங்களைத் தினமும் பார்த்தவர்களே உங்களை நம்பி மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய சிபாரிசு எங்கே கிடைக்கும்? அதை மறைத்தால், 12 வருடமும் சூப்பர்வைசர் என்று பொய் சொல்லும்படி ஆகிவிடுகிறது. பழைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கேட்டாலே அந்தப் பொய் உடைந்துவிடும். அப்புறம் நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, 120 பேர் கணக்குக்கு வருவோம். “உன்கிட்ட லீவு கேக்கறவங்க எத்தனை பேர்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “22 பேர் சார்” என்றார். 120 என்பது மொத்த ஆலையின் ஆள்கணக்கு. இந்த ஒரு கேள்வியை நேர்காணலில் எல்லோரும் ஏதாவது ஒரு விதத்தில் கேட்பார்கள். 22 பேரும் 14 சிஎன்சி மெஷினும் உள்ள ஷிஃப்ட் ஒன்றும் சின்ன விஷயமில்லை. சரியான எண்ணைச் சொன்னால்தான், எங்கள் ஆலையில் எந்த அளவுப் பொறுப்பு உங்களுக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட முடியும்.

அடுத்து அந்த 50 சதவீதம். எதில் 50? தோண்டித் தோண்டிக் கேட்டபோதுதான் சரக்கு வெளியே வந்தது. நான்கு மெஷினில் ஓடும் ஒரு புஷ். அவர் ஷிஃப்டில் மாதம் சுமார் 10,000 பீஸ், அதில் 210 பீஸ் ஸ்கிராப். பெரும்பாலும் உள்விட்டம் பெரிதாகிப் போனவை. இன்சர்ட் தேயத் தேய உள்விட்டம் சிறுத்துக்கொண்டே வரும், ஆபரேட்டர் அதற்கு ஈடாக ஆஃப்செட் கொடுத்துக்கொண்டே போவார். புது முனை மாற்றும்போது அந்த ஆஃப்செட்டைத் திரும்ப எடுக்க மறந்தால் அடுத்த பீஸ்கள் பெரிதாகிவிடும், அதைச் சரிசெய்யவும் முடியாது. இவர் செட்டராக இருந்தவர் என்பதால், ஸ்கிராப் எல்லாம் முனை மாற்றிய உடனே குவிவதைக் கவனித்திருக்கிறார். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிலேட்டு மாட்டி, முனை மாற்றியதும் ஆஃப்செட் எடுத்தாயிற்றா என்று குறிக்க வைத்தார். முதல் பீஸை அளக்காமல் இரண்டாவதை ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் ஸ்கிராப் 110 ஆனது. அதாவது 2.1 சதவீதம் 1.1 ஆகியிருக்கிறது.

“மற்ற ஷிஃப்ட்ல?” என்று கேட்டேன். அங்கே அப்போது குறையவில்லை, பிறகு அவர்களும் சிலேட்டு மாட்டினார்களாம். இதைக் கேட்காமல் விடக் கூடாது. மூன்று ஷிஃப்டிலும் ஒரே நேரத்தில் குறைந்திருந்தால், புது கேஜோ நல்ல இன்சர்ட்டோ வந்ததால் குறைந்திருக்கலாம், அதை உங்கள் கணக்கில் எழுத முடியாது.

பாருங்கள், இவ்வளவும் அந்த மறைத்த ஏழு வருடத்திலிருந்து வந்தது.

இன்னொன்றை அவர் வாயே திறக்கவில்லை. உற்பத்திப் பொறியாளர் ஆறு வாரம் விடுப்பில் போனபோது, மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் பிரித்ததும் தினசரித் திட்டம் போட்டதும் இவர்தான். “அது என் வேலை இல்லையே சார், சும்மா பார்த்துக்கிட்டேன்” என்கிறார். பெரிய ஆலை தேடுவதே இதைத்தான்! அங்கே நீங்கள் ஆபரேட்டரிடம் நேராக வேலை வாங்கப் போவதில்லை, உங்களைப் போன்ற மூன்று சூப்பர்வைசர்கள் மூலமாக வாங்கப் போகிறீர்கள். ஒரு ஷிஃப்டைத் தாண்டி நீங்கள் பார்த்த வேலை எதுவானாலும், சில நாள்தான் என்றாலும், அது சுருக்கத்தில் வர வேண்டும்.

கடைசியில் இருவரும் உட்கார்ந்து எழுதியது இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

‘வாகன உதிரிபாக மெஷினிங்கில் 12 ஆண்டு. சிஎன்சி ஆபரேட்டர், செட்டராக 7 ஆண்டு. அதே ஆலையில் பதவி உயர்ந்து ஷிஃப்ட் சூப்பர்வைசராக 5 ஆண்டு. 14 மெஷின், 22 பேர் கொண்ட ஷிஃப்டை நடத்துகிறேன். ஒரு புஷ் பாகத்தில் என் ஷிஃப்டின் ஸ்கிராப்பை 3 மாதத்தில் 2.1 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைத்தேன். உற்பத்திப் பொறியாளர் விடுப்பில் இருந்த 6 வாரம் மூன்று ஷிஃப்டின் ஆள் பிரிப்பையும் தினசரித் திட்டத்தையும் கவனித்தேன். மெஷினிங் பிரிவின் உற்பத்திப் பொறுப்பை நாடுகிறேன்.’

கடைசி வரியை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மாற்றுங்கள். ‘தகுந்த பதவி’ என்று எழுதாதீர்கள், அவர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் பதவியின் பெயரையே எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், பாக எண், டிராயிங் விவரம் எதுவும் வேண்டவே வேண்டாம். பழைய ஆலையின் ரகசியத்தைக் கொட்டுகிறவர் நாளைக்கு எங்களுடையதையும் கொட்டுவார் என்றுதான் நினைப்போம். டிப்ளமோ கட்டாயம் என்று போட்டிருக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல சுருக்கமும் உங்களை உள்ளே கொண்டு போகாது. அங்கே பகுதி நேர டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தால் அதைச் சொல்லுங்கள், படிக்காமல் ‘படிக்கிறேன்’ என்று எழுதாதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நடுத்தர ஆலைகள் பலவற்றில் ‘நாளையிலிருந்து நீதான் சூப்பர்வைசர்’ என்று வாயால் சொல்லிவிடுவார்கள், கடிதம் தர மாட்டார்கள். பி.எஃப். பதிவில் நீங்கள் சேர்ந்த தேதிதான் இருக்கும், என்ன பதவியில் இருந்தீர்கள் என்பது இருக்காது. வேலையை விட்ட பிறகு அந்தக் கடிதத்துக்காக அலைவது பெரும்பாடு. இன்னும் அங்கே வேலையில் இருக்கும்போதே, பதவியும் தேதியும் போட்ட ஒரு தாளை லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்கி வையுங்கள்.